பயமுறுத்தாம ஒரு பெர்ஃபார்மன்ஸ் மெயில்: ஏஆர் காலிங் ஃப்ளோர்ல நடந்த ஒரு கேஸ்

சென்னையில ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனி, நைட் ஷிஃப்ட், ஆர்த்தோபீடிக் க்ளையன்ட் ஒண்ணுக்கு வேலை பாக்குற பன்னெண்டு பேர் டீம். அந்த டீம்ல ஒரு ஏஆர் காலர், ரெண்டு வருஷ அனுபவம், ஜனவரி வரைக்கும் நல்லா போயிட்டு இருந்த பையன், மார்ச் வந்தப்போ டீம்லயே கடைசி. டிஎல், அதாவது டீம் லீடர், அவனுக்கு ஒரு மெயில் எழுதுனாங்க, அனுப்பறதுக்கு முன்னாடி ட்ரெயினிங் பக்கம் இருந்த என்கிட்ட காட்டுனாங்க. அந்த மெயில் போகல, வேற ஒண்ணு போச்சு. ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு, போன மெயில்ல ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி இருந்துச்சு, ஆறு வாரத்துல என்ன ஆச்சுங்கறதை எழுதறேன். ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு பேரை எடுத்துட்டேன், சில விவரத்தை லேசா மாத்திட்டேன். மெயில் இங்கிலீஷ்ல போனது, நான் தமிழ்ல தர்றேன்.

ஏஆர் காலிங் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன், இது புரியாம மேல போனா கேஸே புரியாது. அமெரிக்காவுல டாக்டர் வைத்தியம் பாத்துட்டு இன்சூரன்ஸுக்கு க்ளைம் அனுப்புவாரு. பணம் வரலன்னா, இல்ல டினை ஆயிடுச்சுன்னா, இங்க இருந்து ஒருத்தர் இன்சூரன்ஸுக்கு கால் பண்ணி ஏன்னு கேட்டு, அடுத்து என்ன செய்யணும்னு முடிவு பண்ணி, சிஸ்டம்ல நோட்ஸ் போடணும். அவருதான் ஏஆர் காலர், ஏஆர்னா அக்கவுன்ட்ஸ் ரிசீவபிள், வர வேண்டிய பாக்கி. அவரை ரெண்டு விஷயத்துல அளப்பாங்க. ஒண்ணு ப்ரொடக்‌ஷன், ஒரு நாளைக்கு எத்தனை அக்கவுன்ட் பாத்தாருன்னு. இன்னொண்ணு குவாலிட்டி, க்யூஏ டீம் சில அக்கவுன்ட்டை எடுத்து ஆடிட் பண்ணி போடற சதவீதம். இந்த ஃப்ளோர்ல டார்கெட் 40 அக்கவுன்ட், 95 சதவீதம். நம்ம ஆளோட கடைசி நாலு வார சராசரி 27 அக்கவுன்ட், 86 சதவீதம்.

போகாத மெயில்

டிஎல் எழுதுன முதல் ட்ராஃப்ட் கிட்டத்தட்ட இப்படி:

"உங்க பெர்ஃபார்மன்ஸ் தொடர்ந்து ரொம்ப மோசமா இருக்கு. பல தடவை நேர்ல சொல்லியும் எந்த முன்னேற்றமும் தெரியல. உங்களால டீம் மொத்தமும் பாதிக்கப்படுது. உடனடியா இம்ப்ரூவ் பண்ணலன்னா மேனேஜ்மென்ட் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டி வரும். இதை சீரியஸா எடுத்துக்குவீங்கன்னு நம்பறேன்."

சிசியில ஹெச்ஆர், ஆபரேஷன்ஸ் மேனேஜர். அனுப்ப நினைச்ச நேரம் வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடியற விடியக்காலை மூணு மணிக்கு கொஞ்சம் முன்னாடி.

டிஎல் கெட்டவங்க இல்ல, இதை முதல்லயே சொல்லிடணும். மேல இருந்து அவங்களுக்கு இதே மாதிரி மெயில்தான் வந்துச்சு, அதை அப்படியே கீழ தள்ளிவிட்டாங்க, அவ்வளவுதான். ஃப்ளோர்ல பாதி மெயில் இப்படித்தான் பிறக்குது.

இந்த ட்ராஃப்ட்ல எல்லாருக்கும் முதல்ல கண்ணுல படறது "கடும் நடவடிக்கை". அதை எடுத்துட்டு "தயவு செஞ்சு" சேத்தா சரியாயிடும்னு நினைப்பாங்க. ஆகாது. அந்த வார்த்தையை எடுத்துட்டு திரும்பப் படிச்சுப் பாருங்க, இன்னும் அதே பயம்தான் இருக்கும், ஏன்னா "இம்ப்ரூவ் பண்ணு"ன்னா எவ்வளவுன்னு இல்ல, "உடனடியா"ன்னா எந்தத் தேதின்னு இல்ல, எதுல தப்புன்னு இல்ல, யாரு உதவுவாங்கன்னும் இல்ல. படிக்கிறவன் அந்த காலி இடத்தையெல்லாம் தன்னோட பயத்தை வச்சுதான் நிரப்பிக்குவான். 27ல இருந்து 40க்குப் போகணுமா, நாளைக்கேவா, இன்னைக்கு நைட்டே நாக்ரி ப்ரொஃபைலை அப்டேட் பண்ணிடணுமான்னு.

இன்னொண்ணு, ட்ராஃப்ட்ல எல்லா வாக்கியமும் ஆளைப் பத்தி, வேலையைப் பத்தி ஒண்ணு கூட இல்ல. இதுக்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு. 1996ல க்ளுகர், டெனிசின்னு ரெண்டு பேர், ஃபீட்பேக் குடுத்தா வேலை கூடுதா குறையுதான்னு அதுவரைக்கும் நடந்த ஆய்வுகளை மொத்தமா சேத்து அலசிப் பாத்தாங்க. சராசரியா கூடுதுதான், ஆனா மூணுல ஒரு பங்குக்கும் மேல ஃபீட்பேக் குடுத்த அப்புறம் வேலை குறைஞ்சிருந்துச்சு. அவங்க சொன்ன விளக்கம், கவனம் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவன்"ங்கற பக்கம் திரும்புச்சுன்னா ஃபீட்பேக்கோட பலன் குறையுதுங்கறது. "உங்களால டீம் மொத்தமும் பாதிக்கப்படுது"ன்னு படிச்சவன் மறுநாள் க்ளைமைப் பத்தியா யோசிப்பான்?

மெயிலுக்கு முன்னாடி தோண்டிப் பாத்தது

நான் டிஎல் கிட்ட கேட்டது ஒரே ஒரு கேள்வி, 86ன்னா அந்த 14 எங்க போச்சு. அவங்களுக்குத் தெரியல. மாச ரிப்போர்ட்ல சதவீதம் மட்டும்தான் வரும், அதையே பாத்துட்டு இருந்தாங்க. க்யூஏ ஷீட்டைத் தனியா வாங்கி ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். நாலு வாரத்துல அவன் மேல விழுந்த தப்பு 19. அதுல 12 ஒரே இடம், CO-97 டினையல். 4 தப்பு கால் ரெஃபரன்ஸ் நம்பரை நோட்ஸ்ல போடாதது. மீதி 3 சில்லறை.

CO-97ன்னா, இந்த சர்வீஸுக்கான பணம் வேற ஒரு சர்வீஸோட பணத்துலயே அடங்கிடுச்சு, தனியா தரமாட்டோம்னு இன்சூரன்ஸ் சொல்றது. ஆர்த்தோவுல இது ரொம்ப வரும், காரணம் க்ளோபல் பீரியட். பெரிய ஆபரேஷனுக்கு மெடிகேர்ங்கற அமெரிக்க அரசாங்க இன்சூரன்ஸ் குடுக்கற பணத்துலயே அதுக்கப்புறம் 90 நாள் வரைக்கும் அது சம்பந்தமா டாக்டரைப் பாக்க வர்ற வழக்கமான விசிட்டும் சேந்துடும். ஆனா முழங்கால் மாத்துன பேஷன்ட் நாப்பதாவது நாள் தோள் வலின்னு வந்து அதே டாக்டரைப் பாத்தா அது வேற விஷயம், வைத்தியத்தை கோடா மாத்தற கோடிங் டீம் க்ளைம்ல அந்த கோடோட 24ங்கற மாடிஃபையர்னு ஒரு குறியீட்டைச் சேத்து, நோயும் வேறன்னு காட்டுனா பணம் வரணும். மாடிஃபையர் விட்டுப்போச்சுன்னா CO-97ல அடிபடும்.

நம்ம ஆள் ஜனவரி வரைக்கும் பாத்தது பிசியோதெரபி க்யூ, அதாவது பிசியோ அக்கவுன்ட் மட்டும் வர்ற வரிசை. அங்க டினையல்னா பெரும்பாலும் இன்சூரன்ஸோட முன் அனுமதியான ஆத்தரைசேஷன் இல்ல, இல்லன்னா வருஷத்துக்கு இத்தனை விசிட்தான்ங்கற லிமிட் முடிஞ்சது. க்ளோபல் பீரியட்னு ஒண்ணை அவன் பாத்ததே இல்ல. ஆர்த்தோவுக்கு மாத்துனப்போ ரெண்டு நாள் ட்ரெயினிங்ல அதுக்கு ஒரு ஸ்லைடு இருந்துச்சு, அவ்வளவுதான். இப்போ CO-97 வந்தா இன்சூரன்ஸுக்கு கால் பண்ணுவான், அங்க பேசற ரெப் "பண்டில் ஆயிடுச்சு, டினையல் கரெக்ட்"னு சொல்வாங்க, இவனும் அதையே நோட்ஸ்ல எழுதி 15 நாள் கழிச்சு ஃபாலோ அப்னு போட்டு வச்சுடுவான், இல்லன்னா இந்தப் பணம் வராது, ரைட்-ஆஃப் பண்ணலாம்னு எழுதிடுவான். ரெப் சொன்னது பொய் இல்ல, அவங்ககிட்ட வந்த க்ளைம்படி அது கரெக்ட்தான். க்ளைமே தப்பா போயிருக்கான்னு இந்தப் பக்கம் பாக்க வேண்டியது இவன் வேலை. பாக்காம வச்சா அப்பீல் கெடு ஓடிடும். மெடிகேர்ல முதல் முடிவு கைக்கு வந்ததுல இருந்து 120 நாள், தனியார் இன்சூரன்ஸ்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு.

அடுத்து ப்ரொடக்‌ஷன். 40ங்கற டார்கெட் எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா, பிசியோ க்யூவுல வச்சது. அங்க பாதிக்கு மேல ஸ்டேட்டஸ் இன்சூரன்ஸ் வெப்சைட்லயே தெரிஞ்சுடும், கால் பண்ணவே வேணாம். ஆர்த்தோவுல டினையல் அதிகம், கால் பண்ணியே ஆகணும், சில இடத்துல ஹோல்டு மட்டுமே இருபது நிமிஷம். எட்டு மணி நேர வேலைன்னா 480 நிமிஷம், 40 அக்கவுன்ட்னா ஒண்ணுக்கு 12 நிமிஷம், ஹோல்டுலயே அது போயிடும். அதே க்யூவுல பழக்கப்பட்ட மூணு பேரோட சராசரியை எடுத்தோம், 34ல இருந்து 36. அவங்களும் 40 தொடல, ஆனா அவங்களை யாரும் கேக்கல, ஏன்னா குவாலிட்டி நல்லா இருந்துச்சு. அப்போ நம்ம ஆளுக்கு உண்மையான இடைவெளி 27க்கும் 34க்கும் நடுவுல, 40க்கு இல்ல. அடைய முடியாத நம்பரை எழுதிட்டு எவ்வளவு அன்பா எழுதுனாலும் அது மிரட்டல்தான்.

இதெல்லாம் தெரிஞ்ச பின்னாடி டிஎல் அவனைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுனாங்க, திங்கக்கிழமை ஷிஃப்ட் ஆரம்பத்துல. மெயில்தான் முதல் சேதியா இருக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தோம்.

"என்னப்பா, CO-97 வந்தா என்ன பண்ற, எனக்கு ஒண்ணு ஓபன் பண்ணி காட்டு"ன்னாங்க.

அவன் காட்டுனான். நடுவுல நிறுத்தி, "மேம், எனக்கு இதுல உண்மையிலேயே எங்க பாக்கணும்னு தெரியல, கேட்டா ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இது கூட தெரியாதான்னு சொல்வாங்கன்னு கேக்கல"ன்னான்.

"ரெஃபரன்ஸ் நம்பர் ஏன் போடல?"

"அது என் தப்பு மேம். அடுத்த காலுக்கு அவசரமா போயிடறேன், கவுன்ட் குறையுதேன்னு."

அஞ்சு நிமிஷத்துல ரெண்டு தப்புக்கும் ரெண்டு வேற காரணம் கிடைச்சுது. ஒண்ணு தெரியாதது, இன்னொண்ணு அவசரத்துல விட்டது. முதலாவதுக்கு சொல்லிக்குடுக்கணும், ரெண்டாவதுக்கு எதிர்பார்ப்பைத் தெளிவா வச்சா போதும். ரெண்டையும் "குவாலிட்டி மோசம்"னு ஒரே மூட்டையா கட்டியிருந்தா இது தெரிஞ்சிருக்கவே செய்யாது.

போன மெயில்

அன்னைக்கு பேசி முடிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள போச்சு. அவனுக்கு மட்டும்.

சப்ஜெக்ட்: ஆர்த்தோ க்யூ: ஏப்ரல் 26 வரைக்கும் நம்ம ப்ளான்

"ஹாய்,

இன்னைக்கு 6.15க்கு பேசுனதை எழுத்துல வைக்கறேன். நான் ஏதாவது தப்பா புரிஞ்சிருந்தா புதன்கிழமைக்குள்ள இதுக்கே ரிப்ளை பண்ணுங்க, மாத்திடறேன்.

இப்போ எங்க இருக்கோம்: கடைசி நாலு வாரத்துல உங்க குவாலிட்டி 86, ப்ரொடக்‌ஷன் 27. ஆடிட்ல வந்த 19 தப்புல 12 CO-97ல எடுத்த ஆக்‌ஷன், 4 கால் ரெஃபரன்ஸ் நம்பர் இல்லாதது. லிஸ்ட் அட்டாச் பண்ணியிருக்கேன். இன்சூரன்ஸ் கால்ல நீங்க பேசற விதத்துலயும் அட்டெண்டன்ஸ்லயும் எனக்கு எந்தக் குறையும் இல்ல.

என்ன எதிர்பாக்கறேன்:
CO-97 வந்தா கால் பண்றதுக்கு முன்னாடி ஆபரேஷன் தேதி, விசிட் தேதி, ரெண்டுக்கும் டயக்னோசிஸ் ஒண்ணா வேறயா, மாடிஃபையர் இருக்கா, இந்த நாலையும் பாத்து நோட்ஸ்ல எழுதணும். மாடிஃபையர் விட்டிருக்குன்னு தோணுச்சுன்னா கோடிங்குக்கு அனுப்பணும். எதைப் போடணும்னு முடிவு பண்றது கோடர் வேலை, உங்க வேலை இல்ல.
ஒவ்வொரு கால் நோட்ஸ்லயும் ரெப் பேர், ரெஃபரன்ஸ் நம்பர், டினையல் காரணம், அடுத்த ஆக்‌ஷன் தேதி இருக்கணும். இது இன்னைல இருந்தே.
குவாலிட்டி ஏப்ரல் 5 முடியற வாரம் 90, ஏப்ரல் 26 முடியற வாரம் 95.
ப்ரொடக்‌ஷன் முதல் ரெண்டு வாரம் நான் பாக்க மாட்டேன், குறைஞ்சாலும் பரவாயில்ல. மூணு, நாலாவது வாரம் 30. அஞ்சு, ஆறாவது வாரம் 34. ஆர்த்தோவுல பழகுனவங்க இப்போ செய்யறது 34-36, அதை வச்சுதான் இந்த நம்பர்.

நான் என்ன செய்யறேன்:
இந்த வாரம் புதன், அடுத்த வாரம் வியாழன், கோடிங்ல இருந்து ஒருத்தர் உங்களோட 45 நிமிஷம் உக்காந்து க்ளோபல் பீரியட் கேஸ் பாப்பாங்க. அந்த நேரத்துக்கு ப்ரொடக்‌ஷன் கணக்கு கிடையாது.
மார்ச் 29 வரைக்கும் தினமும் உங்க அஞ்சு அக்கவுன்ட்டை க்யூஏ அன்னைக்கே பாத்து ஷிஃப்ட் முடியறதுக்குள்ள சொல்வாங்க, மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேணாம்.
அதே தேதி வரைக்கும் 120 நாளுக்கு மேல பழைய அக்கவுன்ட் உங்க க்யூவுக்கு வராம நான் பாத்துக்கறேன்.
செவ்வாய்க்கிழமை தோறும் 6.15க்கு நாம 20 நிமிஷம் பேசுவோம். நம்பரை நான் எடுத்துட்டு வர்றேன். நீங்க குழம்புன ரெண்டு அக்கவுன்ட்டை எடுத்துட்டு வாங்க.

ஏப்ரல் 26க்கு அப்புறம்: நம்பர் வந்துடுச்சுன்னா இதை க்ளோஸ் பண்ணி உங்களுக்கு எழுத்துல சொல்லிடறேன். பக்கத்துல வந்திருந்தா ரெண்டு வாரம் நீட்டிக்கலாம். மேல சொன்ன உதவி எல்லாம் கிடைச்சும் பெரிய இடைவெளி இருந்துச்சுன்னா ஹெச்ஆர் மூலமா ஃபார்மல் ப்ளான் போட வேண்டி வரலாம். அப்படி ஒரு பேச்சு வந்தா முதல்ல நானே நேர்ல சொல்வேன். இது ஃபார்மல் ப்ளான் இல்ல, வார்னிங் லெட்டரும் இல்ல. நாம இப்படி ஒரு ப்ளான் போட்டிருக்கோம்னு ஹெச்ஆர்கிட்ட வாய்மொழியா சொல்லியிருக்கேன்.

இதுல எது உங்களால முடியாதுன்னு தோணுதோ அதை நாளைக்கே சொல்லுங்க."

வரி வரியா கொஞ்சம்

மெயில்ல இனிப்பு எங்கயும் இல்ல, கவனிச்சீங்களா. "உங்க மேல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கு"ங்கற மாதிரி ஒண்ணு டிஎல் கடைசியில சேத்திருந்தாங்க, எடுக்கச் சொன்னேன். பத்து வரி குறையைச் சொல்லிட்டு அப்படி ஒண்ணு வந்தா யாரும் நம்ப மாட்டாங்க. அதுக்குப் பதிலா "அட்டெண்டன்ஸ்லயும் பேசற விதத்துலயும் குறை இல்ல"ங்கறது உண்மை, சரிபாக்க முடியும், பிரச்சனை எதுவரைக்கும்னு ஒரு எல்லையும் போடுது. பயத்துல இருக்கறவன் எல்லாமே போச்சுன்னுதான் நினைப்பான், இத்தனைதான்னு சொன்னா அதுவே பெரிய ஆறுதல்.

"நான் என்ன செய்யறேன்" பகுதிதான் எனக்கு இந்த மெயில்ல ரொம்பப் பிடிச்சது. முதல் ட்ராஃப்ட்டை மாத்தும்போது டிஎல் "தேவையான எல்லா சப்போர்ட்டும் வழங்கப்படும்"னு எழுதியிருந்தாங்க. வழங்கப்படும்னா யாரு வழங்குவா, என்னைக்கு? ஸ்மார்ட் கோல்னு எல்லா ஆபீஸ்லயும் சொல்றாங்களே, 1981ல ஜார்ஜ் டோரன் அதை எழுதுனப்போ அந்த ஏ எழுத்துக்கு வச்சது யாரு செய்யணும்னு ஒப்படைக்கறதுங்கற அர்த்தம்தான், இப்போ பரவலா சொல்ற "அடையக்கூடியது" பின்னாடி வந்தது. அந்தப் பழைய ஏ இங்க டிஎல்லுக்கும் சேத்துதான். கோடர் வர்ற கிழமை, க்யூஏ பாக்கற எண்ணிக்கை, பழைய அக்கவுன்ட் வராம தடுக்கறது, எல்லாத்துலயும் ஒரு ஆளும் ஒரு தேதியும் இருக்கறதால, நடக்கலன்னா அவன் தைரியமா கேக்கலாம். அதுக்காகவே மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி கோடிங் லீடுகிட்டயும் க்யூஏ லீடுகிட்டயும் நேரம் கேட்டு வாங்கிட்டுதான் தேதி எழுதுனாங்க.

முதல் ரெண்டு வாரம் ப்ரொடக்‌ஷன் பாக்க மாட்டேன்ங்கறதுக்கு ஆபரேஷன்ஸ் மேனேஜர் கொஞ்சம் முகம் சுளிச்சாரு. ஆனா ஒவ்வொரு CO-97க்கும் நாலு விஷயம் பாருன்னு சொல்லிட்டு எண்ணிக்கையும் ஏத்துன்னா, அவன் எதை விடுவான்? மறுபடியும் நோட்ஸைத்தான் விடுவான், ஏற்கெனவே அதைத்தானே செஞ்சுட்டு இருந்தான்.

இன்னொரு விஷயம், வசூல் ஆன டாலரை டார்கெட்டா வைக்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு, க்ளையன்ட் அதைத்தானே பாக்கறாங்கன்னு. வைக்கல. க்ளைமை கோடர் திருத்தணும், இன்சூரன்ஸ் திரும்ப ப்ராசஸ் பண்ணணும், அதுக்கே ஒரு மாசம் ஓடும். அவன் கையில இருக்கறது சரியான ஆக்‌ஷனை எடுக்கறது வரைக்கும்தான். ஆறு வாரத்துல தெரியாத ஒண்ணை வச்சு ஆறு வாரக் கெடு குடுக்க முடியாது.

பின்விளைவு வரியைப் பத்தி எங்களுக்குள்ள நல்லாவே வாக்குவாதம் ஆச்சு. மிரட்டக்கூடாதுன்னா அந்த ஃபார்மல் ப்ளான் பேச்சே வேணாமேன்னாங்க டிஎல். எனக்கு அது சரியா படல. நாளைக்கு அப்படி ஒண்ணு வர வாய்ப்பு இருக்கும்போது மறைச்சுட்டு, மே மாசம் திடீர்னு ஹெச்ஆர் கூப்பிட்டா அவனுக்கு எப்படி இருக்கும்? அதனால என்ன நடந்தா அது வரும், யாரு முதல்ல சொல்வாங்க, எந்தெந்த உதவி கிடைச்ச அப்புறம்தான் வரும்னு மூணையும் சேத்து ஒரே தடவை சொல்லிட்டு விட்டாச்சு. திரும்பத் திரும்ப வந்தாதான் அது மிரட்டலா மாறும்.

சிசி யாரும் இல்லாததுக்கும் திங்கக்கிழமை போனதுக்கும் காரணம் சிம்பிள். சிசியில ரெண்டு பெரியவங்க இருந்தா அவன் பதில் அவங்களுக்குதான் எழுதுவான், "எனக்கு இது தெரியல"ன்னு எழுத மாட்டான். வெள்ளி ஷிஃப்ட் முடியறப்போ அனுப்புனா சந்தேகம் கேக்க ஆள் இல்லாம ரெண்டு நாள் மனசுலயே போட்டு உருட்டிட்டு இருப்பான்.

மெயில் ஒரு ரெக்கார்டுங்கறதும் ஞாபகம் இருக்கணும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ல 41வது பிரிவு, ஆறு மாசம் தொடர்ச்சியா வேலை பாத்த ஒருத்தரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாச நோட்டீஸோ அதுக்கான சம்பளமோ குடுக்காமலும் வேலையை விட்டு எடுக்கக்கூடாதுன்னு சொல்லுது. ஒழுங்கீனம்னா முறையா விசாரணை நடத்தி நிரூபிச்சிருந்தா நோட்டீஸ் இல்லாம எடுக்கலாம். "பல தடவை சொல்லியும் முன்னேற்றம் இல்ல"ன்னு எழுதற மெயிலை ஒரு நாள் யாராவது எடுத்துப் படிச்சா, என்னைக்கு என்ன சொன்னீங்கன்னுதான் முதல் கேள்வி வரும். அதுக்கு அந்த ட்ராஃப்ட்ல பதில் இல்ல. தேதியும் நம்பரும் உதவியும் எழுதுனது ரெண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

இதே மூச்சுல ஒரு எல்லையும் சொல்லிடணும். அந்த 4 ரெஃபரன்ஸ் நம்பர் தப்பை நாங்க முதல்ல கால் ரெக்கார்டிங்கோட ஒப்பிட்டுப் பாத்தோம், ஏன்னா கால் பண்ணாமலே பண்ணுன மாதிரி நோட்ஸ் போடற ஆளுங்க இந்தத் தொழில்ல உண்டு. நாலு காலும் நிஜமா நடந்திருந்துச்சு. நடந்திருக்கலன்னா இந்த மெயிலே வேற, அது வேலைத்திறன் விவகாரம் இல்ல, விசாரணைக்குப் போக வேண்டிய விஷயம். அதுக்கு கோல், டைம்லைன், சப்போர்ட்னு மெயில் எழுதுனா ஒழுங்கீனத்தை ட்ரெயினிங் குறைபாடுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

ஆறு வாரம்

அவன் மறுநாளே ரிப்ளை பண்ணுனான், ஒரே ஒரு திருத்தம் கேட்டு. லிஸ்ட்ல இருந்த 12 CO-97ல ஒண்ணு உண்மையிலேயே ஆபரேஷன் சம்பந்தப்பட்ட விசிட்தான், டினையல் சரி, ரைட்-ஆஃப்னு போட்டதும் சரின்னான். க்யூஏ திரும்பப் பாத்துட்டு ஒத்துக்கிட்டாங்க, 11 ஆச்சு. என்னைப் பொறுத்தவரை மெயிலோட டோன் வேலை செஞ்சதுக்கு முதல் அடையாளம் இதுதான், பயந்து போயிருந்தா "நோட்டட், வில் இம்ப்ரூவ்"னு மூணு வார்த்தை வந்திருக்கும், அதோட முடிஞ்சிருக்கும்.

முதல் வாரம் ப்ரொடக்‌ஷன் 24க்கு இறங்குச்சு. மெயில்லயே சொல்லியிருந்ததால யாரும் பதறல. ரெஃபரன்ஸ் நம்பர் தப்பு அந்த வாரமே பூஜ்யம், கடைசி வரைக்கும் திரும்ப வரல.

ரெண்டாவது வாரம் வியாழன் கோடர் வரல, க்ளையன்ட் எஸ்கலேஷன்ல மாட்டிக்கிட்டாங்க. அடுத்த செவ்வாய் பேசும்போது குவாலிட்டி 88லயே நின்னிருந்துச்சு. டிஎல் மீட்டிங் நோட்ஸ்ல எழுதுனது: "ரெண்டாவது கோடிங் செஷன் எங்க பக்கம் இருந்து நடக்கல. ஏப்ரல் 4க்கு மாத்தியிருக்கேன். 90ங்கற தேதி ஏப்ரல் 12க்குத் தள்ளுது." உதவி ஒரு வாரம் தள்ளுனா கெடுவும் ஒரு வாரம் தள்ளணும். பெரும்பாலான இடத்துல செஷன் மட்டும் கேன்சல் ஆகும், கெடு அப்படியே நிக்கும், அப்புறம் அந்த மெயிலை எவன் மதிப்பான்.

அந்த செஷன்லதான் அவனுக்கு விளங்குச்சுன்னு நினைக்கறேன். தான் குழம்புன ஆறு கேஸை எடுத்துட்டுப் போயிருந்தான். ஒரே குரூப்ல வேற டாக்டர் பாத்தா க்ளோபல் பீரியட் செல்லுமா செல்லாதாங்கறதுல மாட்டியிருந்தான், ஒரே குரூப், ஒரே ஸ்பெஷாலிட்டின்னா மெடிகேர் அவங்களை ஒரே டாக்டர் மாதிரிதான் எடுத்துக்கும்னு கோடர் சொன்னதும் ரெண்டு கேஸ் அங்கயே தீந்துச்சு. நாலாவது வாரம் முடிவுல 92, அக்கவுன்ட் 30. ஆறாவது வாரம் 94, 33.

ஒண்ணுலயும் முழுசா தொடல. ஆபரேஷன்ஸ் மேனேஜர் 34ன்னு எழுதிட்டு 33க்கு எப்படி விடறதுன்னு கேட்டாரு. ஹோல்டு டைம் கூடுனா ஒரு நாள் குறையும், ஒரு அக்கவுன்ட் அந்த ஆட்டத்துக்குள்ளதான்னு டிஎல் சொல்லி ப்ரொடக்‌ஷனை க்ளோஸ் பண்ணிட்டாங்க. குவாலிட்டியை மட்டும் ரெண்டு வாரம் நீட்டிச்சாங்க, மே 10 வரைக்கும், அது 96ல முடிஞ்சுது. மே 13 அவனுக்குப் போன மெயில் நாலு வரி: நம்பர் இது, ப்ளான் இன்னையோட க்ளோஸ், செவ்வாய் மீட்டிங் இனி வேணும்னா வச்சுக்கலாம், ஹெச்ஆர்கிட்டயும் முடிஞ்சதுன்னு சொல்லிட்டேன். இந்த க்ளோசிங் மெயிலை அனுப்ப நிறைய பேர் மறந்துடுவாங்க, மறந்தா அந்த ஆள் இன்னும் லிஸ்ட்ல இருக்கோமோன்னு மாசக்கணக்கா நினைச்சுட்டே இருப்பான்.

செவ்வாய் மீட்டிங்கை அவன் வேணாம்னுட்டான். 40ங்கற டார்கெட் மட்டும் ஜூன்ல க்யூ வாரியா பிரிஞ்சுது, பிசியோவுக்கு 40, ஆர்த்தோவுக்கு 34, ஏன்னா ஜனவரியில அவனோட சேந்து மாறி வந்த இன்னும் ரெண்டு பேரும் அதே நம்பர்லதான் தொங்கிட்டு இருந்தாங்க, அவங்களைப் பத்தி மெயில் எழுத வேண்டிய அவசியமே வரல.